நாத்தனாருக்கு எட்டு, பேக்கரிக்காரருக்குப் பதினேழு

அந்தப் பயிற்சி நிலையத்தில் வணிகவியல் டீச்சருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவளுக்குத் தெரியும், அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பக்கத்து மேசை டைப்பிங் மாஸ்டருக்கு மாணவர்கள் பெயர்கூட வைக்கவில்லையே என்று அவர் மேல் ஒரு பரிதாபம் வேறு.

டைல்ஸ் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் நிலையம். லிஃப்ட் என்று ஒன்று உண்டு. அது ஓடியதைப் பார்த்தவர்கள் எல்லாரும் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். காலை ஆறரைக்கு வகுப்பு ஆரம்பம், எட்டரைக்கு முடிவு. படிக்க வருகிறவர்கள் அத்தனை பேரும் வேலைக்குப் போகிற ஆட்கள். பேருந்து நடத்துநர், நர்ஸ், பேக்கரிக்காரர், கூரியர் ஆபீஸ் கிளார்க் என்று முப்பத்தொரு பேர். மூன்று மாடி ஏறி வந்து, மூச்சு வாங்கி முடிப்பதற்குள் முதல் பாடம் பாதி ஓடியிருக்கும்.

கத்தரிக்கோல் மார்க்கை வெட்டுவாள், அது உண்மை. ஆனால் நியாயமாக வெட்டுவாள். அந்த நியாயத்துக்காக ஒரு காலத்தில் முதல்வர் அறையில் மேசையைத் தட்டிச் சண்டையே போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் கடைசி விடை தப்பென்றால் மொத்தக் கணக்கும் பூஜ்யம்.

"ஒரு ஆள் மாடிப்படியில தடுக்கி விழுந்தா, ஒரு தடவை விழுந்தார்னுதான் சார் அர்த்தம். மிச்சம் இருக்கிற ஒவ்வொரு படிக்கும் நாம ஒரு அறை குடுக்கணுமா?" என்று கேட்டாள். முதல்வர் அப்போதுதான் மூன்று மாடி ஏறி முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தார். உதாரணம் சட்டென்று உறைத்துவிட்டது. மறுநாளே ஒரு தாளில் அச்சடித்து ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டார்: 'ஒரு தவறுக்கு ஒரு முறைதான் வெட்டு. அதற்குப் பிறகு வருவதை, எழுதியவரின் எண்ணைக் கொண்டே சரிபார்க்கவும்.' அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஓரம் மட்டும் பழுத்திருக்கிறது.

அதற்கு நேர் எதிரே ஓர் ஆணியில் பச்சைத் தாள்கள் தொங்கும். திருத்தப் படிவம். பதிவேட்டில் ஏறிய மார்க்கை மாற்ற வேண்டுமென்றால் அதை நிரப்ப வேண்டும். காரணம் என்று ஒரு கட்டம். கீழே கையெழுத்து. இதிலெல்லாம் பெரிய கொடுமை, நிரப்பிய படிவத்தை மார்க் பட்டியலுக்குப் பக்கத்திலேயே பலகையில் ஒட்டிவிடுவார்கள். ஊரே படிக்கலாம். டைப்பிங் மாஸ்டர் இதுவரை பதினொரு படிவம் நிரப்பியவர். "உங்களுக்கு மட்டும் தனியா ஒரு கட்டு அச்சடிச்சுக் குடுத்துடலாம் மாஸ்டர்" என்று கத்தரிக்கோல் அவரை ஓட்டாத வாரம் கிடையாது. அவள் பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூட நிரப்பியதில்லை.

அந்த வருடம்தான் அவள் வகுப்பில் அவளுடைய நாத்தனாரே வந்து உட்கார்ந்தாள்.

வீட்டில் எல்லாரும் அவளைக் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டிக்கு வயது முப்பத்தெட்டு. கத்தரிக்கோல் கல்யாணமாகி வந்தபோது குட்டிக்குப் பத்தொன்பது. பள்ளி இறுதித் தேர்வில் கணக்குப்பதிவியலில் கோட்டைவிட்டுவிட்டு, கட்டிலில் குப்புறப் படுத்து வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். புது மருமகள் வணிகவியல் படித்தவளாயிற்றே என்று மாமியார் இரண்டு மாதம் பாடம் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். குட்டி கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அந்த இரண்டு மாதத்தில்தான் கற்றுக்கொண்டாள். "இது தேறாதுங்க" என்று கத்தரிக்கோல் கணவனிடம் சொன்னாள். அத்தோடு அந்த விஷயத்தை மூடிவிட்டாள்.

குட்டி அதற்குப் பிறகு அட்டைப்பெட்டி கம்பெனியில் பெட்டி மடிக்கிற வேலைக்குப் போனாள். பிறகு அங்கேயே ஸ்டோர்ஸில் உட்கார்ந்தாள். இருப்புக் கணக்கில் ஒரு பசை டப்பா குறைந்தால்கூட அன்று மாலைக்குள் கண்டுபிடித்துவிடுவாள் என்று அங்கே அவளுக்கு நல்ல பெயர். இப்போது கணக்குப் பிரிவில் ஓர் இடம் காலி. அவளுக்கே தருவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். சான்றிதழ் மட்டும் வேண்டும். அதற்காகத்தான் அவள் அண்ணியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பணம் கட்டிச் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பில் அவளைப் பார்த்ததும் கத்தரிக்கோலின் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல்தான்.

"நீயா?"

இறுதித் தேர்வு எழுத வேண்டுமென்றால் பயிற்சித்தாளில் இருபதுக்குப் பத்து மார்க்காவது வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அடுத்த வருடம்தான். அட்டைப்பெட்டி கம்பெனி ஒரு நாற்காலியை ஒரு வருடம் துடைத்து வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருக்காது. இது கத்தரிக்கோலுக்கும் தெரியும். தெரியாமல் போய்விடக் கூடாதென்று மாமியார் இரண்டு தடவை போன் வேறு பண்ணினார்.

"அவ பேப்பரைக் கொஞ்சம் பாத்துக்கோம்மா."

"எல்லார் பேப்பரையும் பாக்கத்தான் அத்தை எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க."

முதல்வரும் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்க வீட்டு ஆளாச்சே. அந்த ஒரு தாளை மட்டும் நான் திருத்தட்டுமா?"

"எனக்கு எல்லாரும் ரோல் நம்பர்தான் சார்" என்றாள் கத்தரிக்கோல். சொல்லும்போது அவளுக்கே புல்லரித்தது.

கணக்கு இதுதான். ஒரு மாவு பிசையும் இயந்திரம். விலை எழுபத்தைந்தாயிரம், நிறுவும் செலவு ஐயாயிரம். ஜூலை ஒன்றாம் தேதி வாங்கியது. கணக்காண்டு டிசம்பர் கடைசியில் முடிகிறது. தேய்மானம் ஆண்டுக்கு இருபது சதவீதம், குறைந்துசெல் மதிப்பு முறையில். அதாவது ஒவ்வொரு வருடமும், தேய்ந்தது போக மிச்சம் நிற்கிற மதிப்பின் மேல்தான் சதவீதம் போட வேண்டும். நான்கு வருடத்துக்கு அட்டவணை தயாரிக்கவும்.

திங்கட்கிழமை வகுப்பு முடிந்ததும் கத்தரிக்கோல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். மூன்றாவதாக வந்தது பேக்கரிக்காரர் தாள். நிறுவும் செலவைச் சேர்த்து எண்பதாயிரம் என்று எடுத்திருந்தார், சரி. முதல் வருடம் ஆறு மாதம்தான், ஆகவே இருபதில் பாதி, பத்து சதவீதம். எட்டாயிரம். மிச்சம் எழுபத்திரண்டாயிரம். அதுவும் சரி. இரண்டாம் வருடம்தான் மனிதர் சறுக்கியிருந்தார். முழு வருடத்துக்கு இருபது போடாமல், அந்தப் பத்தையே மறுபடி போட்டு ஏழாயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தார். மூன்றாம் வருடமும் பத்து. நான்காம் வருடமும் பத்து. கடைசியில் முப்பத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்து நாலு நிற்க வேண்டிய இயந்திரம், ஐம்பத்திரண்டாயிரத்து நானூற்று எண்பத்தெட்டுக்குப் புத்தம் புதிதாய் மினுமினுத்துக்கொண்டிருந்தது.

"இவர் கடையில இருக்கிற மெஷினும் இப்படித் தேயாம இருந்தா நல்லாருக்கும்" என்று சிரித்துக்கொண்டே திருத்தினாள். முறை சரி. மிச்சத்தின் மேல்தான் ஒவ்வொரு தடவையும் போட்டிருக்கிறார். வீதம் தப்பு, அதற்கு மூன்று மார்க் போச்சு. மற்றதெல்லாம் அவருடைய பத்து சதவீதத்தை வைத்துப் பார்த்தால் கூட்டல் கழித்தல் சுத்தம். சுவரில் இருக்கிற விதி அவள் சண்டை போட்டு வாங்கியது. பதினேழு போட்டாள்.

குட்டியின் தாளைக் கட்டின் அடியில் கடைசியாகச் செருகி வைத்திருந்தாள். அதை எடுத்த நேரம் பார்த்து டைப்பிங் மாஸ்டர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார்.

"நாத்தனார் பேப்பரா? கண்ணை மூடிக்கிட்டு இருபது போடுங்க டீச்சர். இல்லாட்டி வீட்ல சோறு கிடைக்காது."

அவ்வளவுதான். அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. தாளைப் பிரித்தாள். எண்பதாயிரம். எட்டாயிரம். எழுபத்திரண்டாயிரம். இரண்டாம் வருடம்: பத்து சதவீதம், ஏழாயிரத்து இருநூறு.

"பாருங்க மாஸ்டர், பாருங்க! வீதம் என்னன்னே தெரியாம எழுதி வெச்சிருக்கா" என்று தாளைத் தூக்கிக் காட்டினாள். வீதத்துக்குப் போட்டாள் ஒரு பெருக்கல் குறி. ஏழாயிரத்து இருநூறுக்கு ஒன்று, அதன் கீழ் நிற்கும் மிச்சத்துக்கு ஒன்று. மூன்றாம் வருடத்துக்கு இரண்டு, நான்காம் வருடத்துக்கு இரண்டு. ஏழு சிவப்புப் பெருக்கல். வீதத்துக்கு மூன்று, மற்ற ஆறுக்கும் தலா ஒன்றரை என்று பன்னிரண்டு கழித்ததில் நின்றது எட்டு. பதிவேட்டில் ஏற்றினாள். மனசுக்குள் ஒரு மாலையை எடுத்துத் தனக்குத்தானே போட்டுக்கொண்டாள். சொந்தம் பந்தம் என்று பார்க்காதவள்! அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நடையே கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

காலையில் சிரித்துக்கொண்டு திருத்திய அதே தப்புதான் இது என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. பார்த்தது கணக்கை அல்ல, கையெழுத்தைத்தான்.

புதன்கிழமை தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பலகையில் பட்டியலையும் ஒட்டியாயிற்று. பேக்கரிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ஓடிப்போய் ஒரு பெட்டி பன் கொண்டு வந்து வகுப்பு முழுக்க விநியோகம் பண்ணினார். தாளை ஆளுக்கு ஆள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பக்கத்து இருக்கை என்பதால் குட்டிக்கு முதல் பன்னும் கிடைத்தது, தாளும் கிடைத்தது.

கால் மணி நேரம் கழித்து அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். அழுத முகமில்லை. ஸ்டோர்ஸில் சரக்கு குறைந்தால் வருகிற முகம். இடது கையில் இரண்டு தாள், வலது கையில் பாதி பன்.

"மார்க் கேட்டு வரல அண்ணி. ஒரு சந்தேகம்."

"இங்க டீச்சர்னு கூப்பிடு."

"சரி டீச்சர். இந்த ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க."

டைப்பிங் மாஸ்டர் தட்டச்சு இயந்திரத்தில் காகிதமே மாட்டாமல் தட்டிக்கொண்டிருந்தார். காது மட்டும் இந்தப் பக்கம்.

கத்தரிக்கோல் பார்த்தாள். ஏழாயிரத்து இருநூறு, ஏழாயிரத்து இருநூறு. ஆறாயிரத்து நானூற்று எண்பது, ஆறாயிரத்து நானூற்று எண்பது. இந்தப் பக்கம் ஏழு பெருக்கல், அந்தப் பக்கம் ஒன்று. இன்னும் கீழே பார்த்தாள். குட்டியின் தாளில் இரண்டாம் வருட மிச்சத்தை முதலில் 64,080 என்று எழுதி, அடித்துவிட்டு, மேலே 64,800 என்று சரியாக எழுதியிருந்தது. பேக்கரிக்காரர் தாளிலும் 64,080 இருந்தது. அதையும் அதே மாதிரி அடித்து மேலே 64,800 எழுதியிருந்தது.

"இவரு உன்னைப் பாத்து எழுதியிருக்காரா?"

"அதை நான் சொல்ல மாட்டேன். பன் சாப்பிட்டுட்டேன்" என்றாள் குட்டி. "என் சந்தேகம் வேற. எழுதின எனக்கு எட்டு. அதே எழுத்துக்கு அவருக்குப் பதினேழு. அந்தச் சுவத்துல ஒட்டியிருக்கே, ஒரு தப்புக்கு ஒரு தடவைன்னு, அது எல்லாருக்குமா, இல்ல வெளியாளுக்கு மட்டுமா?"

தட்டச்சு நின்றது.

"நீ என் வீட்டு ஆளு. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதேன்னு..."

"அதுக்கு என் மார்க்கா கிடைச்சுது?" குட்டியின் குரல் அப்போதுதான் லேசாக ஆடியது. "இல்ல அண்ணி. உங்களுக்கு இது சொந்தக்காரி விஷயமே இல்ல. பத்தொன்பது வயசுல நான் மக்குதான். ஒத்துக்கறேன், உங்க முன்னாடி உக்காந்து தூங்கினேன். அன்னிக்கு எனக்கு நீங்க பாதி மார்க் போட்டீங்க, அதுவும் சரிதான். ஆனா அதுக்கப்புறம் பதினெட்டு வருஷமா அதே பாதியையே போட்டுக்கிட்டு வர்றீங்களே. நடுவுல ஒரு தடவைகூட நிமிந்து பாக்கல. நான் செஞ்ச தப்பைத்தான் நீங்களும் செஞ்சிருக்கீங்க. நான் மெஷினுக்குச் செஞ்சேன்."

தாளை மேசை மேல் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். கம்பெனிக்கு நேரமாகிவிட்டது. மிச்ச பன்னையும் தாள் மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கத்தரிக்கோலுக்கு வெட்கம் என்றால் சாதாரண வெட்கமில்லை, காது மடல் வரை எரிகிற வெட்கம். தப்பாகத் திருத்தியதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. கையெழுத்தைப் பார்த்த உடனேயே 'இவளாவது, சரியாகப் போடுவதாவது' என்று உள்ளே ஒரு குரல் சொன்னதே, அது அவள் குரல்தான். பசை டப்பா கதையை எத்தனை தடவை மாமியார் சொல்லியிருக்கிறார். ஒரு தடவையாவது காது கொடுத்தாளா? "ஓஹோ" என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விடுவாள்.

முதலில் பேக்கரிக்காரரைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பாத்து எழுதறதுதான் எழுதறீங்க. அவ அடிச்ச எண்ணையுமா சேத்து எழுதுவீங்க?"

"அது கணக்குல ஒரு படின்னு நினைச்சேன் டீச்சர்" என்றார் பேக்கரிக்காரர் ரொம்ப மரியாதையாக. "முதல்ல ஒண்ணை எழுதி, அப்புறம் அடிக்கணும் போலன்னு."

"இது மாவு பிசையற மெஷின். உங்க கடையிலயே ஒண்ணு இருக்கு."

"இருக்கு டீச்சர். அதைப் பத்தி இப்படியெல்லாம் யாரும் எங்கிட்ட கேட்டதே இல்ல."

நாளைக் காலையில் முதல்வர் அறையில் தனியாக உட்கார்ந்து வேறொரு கணக்கைப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அவர் பன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

பிறகு ஆணிக்குப் போய் ஒரு பச்சைத் தாளை எடுத்தாள். அதை எடுக்க நடந்த நாலு அடி, மூன்று மாடியை விடப் பெரிதாக இருந்தது. எட்டிலிருந்து பதினேழு. பத்தைத் தாண்டும் மார்க். எல்லாரும் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் அடி விழுந்தது, உடனே ஏற்றிவிட்டாள் என்பார்கள். காரணம் என்ற கட்டத்தில் 'கூட்டல் பிழை' என்று எழுதினால் யாரும் கேட்கப் போவதில்லை. பதினொரு தடவையும் டைப்பிங் மாஸ்டர் எழுதியது அதைத்தான். ஒருவரும் கேட்டதில்லை.

பேனாவை மூடினாள், திறந்தாள். டைப்பிங் மாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

"கூட்டல் பிழைன்னு போட்டுடுங்க டீச்சர். அது எப்பவும் தாங்கும்."

"கூட்டல் சரியா இருக்கு மாஸ்டர். ரெண்டு பேப்பர்லயும்" என்றாள் அவள்.

எழுதினாள். முதல்வர் படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார். "இதைப் பலகையில ஒட்டணுமே. நல்லா யோசிச்சீங்களா?" என்றார். ஒட்டுங்கள் என்றாள்.

மறுநாள் காலை ஆறே காலுக்கே பலகை முன்னால் கும்பல். கத்தரிக்கோலின் முதல் பச்சைத் தாளைப் பார்க்க, கீழே டைல்ஸ் கடை வாட்ச்மேன்கூட மூன்று மாடி ஏறி வந்திருந்தார். நடத்துநர் நிறுத்தத்தின் பெயர் சொல்கிற குரலில் அதை வாசித்தார்.

"காரணம்: ஒரே தவறுக்கு மற்றவருக்கு மூன்று மார்க் வெட்டினேன், இவருக்குப் பன்னிரண்டு வெட்டினேன். இவர் என் நாத்தனார்."

முதலில் நர்ஸ் ஒருத்தி குபீரென்று சிரித்தாள். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. "எங்க அண்ணியும் இருக்காளே, ஜென்மத்துக்கும் எழுதிக் குடுக்க மாட்டா" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரிப்புக்கு நடுவில் அவர்களைத் தாண்டித்தான் கத்தரிக்கோல் வகுப்புக்குப் போக வேண்டியிருந்தது. போனாள். தலையைக் குனியவில்லை, ஆனால் திங்கட்கிழமை மாலை நிமிர்ந்திருந்த அளவுக்கு நிமிரவும் இல்லை.

குட்டி ஏற்கெனவே தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கை காலி. பேக்கரிக்காரர் முதல்வர் அறையில் யாரையும் பார்த்து எழுத வழியில்லாமல் வியர்த்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நேரே போய்த் தாளை அவள் முன் வைத்தாள். எட்டை அடித்துப் பதினேழு எழுதியிருந்தது. ஆறு பெருக்கல் குறியை அடித்திருந்தது. மிஞ்சிய ஒன்றுக்குப் பக்கத்தில், முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய குறிப்பைச் சிவப்பில் எழுதியிருந்தாள்: 'பாதி முதல் வருடத்துக்கு மட்டும்.'

குட்டி அதை நிதானமாகப் படித்தாள். உதடு லேசாகக் கோணியது. அது சிரிப்பா அழுகையா என்று அண்ணிக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருடமாக அந்த முகத்தைக் கவனித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"கீழ ஜெராக்ஸ் கடை எப்ப திறப்பாங்க டீச்சர்?"

"எட்டு மணிக்கு. எதுக்கு?"

"இதை ஒரு காப்பி எடுத்துத் தரேன். நீங்களும் வெச்சுக்கங்க."

வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கத்தரிக்கோல் பையைத் திறந்து சில்லறை எடுத்து அவள் மேசை மேல் வைத்தாள்.

"ரெண்டா எடு குட்டி. ஒண்ணு வீட்டுக்கு."